பெட்டி சொல்வதும் போன் சொல்வதும்

மதுரையில் இருக்கும் என் சின்னம்மா மகனும் அவன் மனைவியும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலில், ஒரே நிறத்தில் இரண்டு போன்கள் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பெட்டிகளையும் கட்டிலில் வைத்துப் பிரித்தார்கள். போன்களைச் சார்ஜில் போட்டுவிட்டு, பெட்டிகளை மூடிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸில் அவள் கைப்பையிலிருந்து போன் களவு போனது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். பரணிலிருந்து அவளுடைய பெட்டியை இறக்கி, லேபிளைப் படம் எடுத்து, அதிலிருந்த ஐஎம்இஐ எண்ணைப் புகாரில் எழுதினார்கள். அதே எண்ணைக் கொடுத்து, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கும்படி விண்ணப்பித்தார்கள். பில்லையும் லேபிள் படத்தையும் சேர்த்தே அனுப்பினார்கள். மறுநாள் அவன் சட்டைப் பையில் இருந்த போனில் சிக்னல் நின்றுவிட்டது.

"அண்ணே, திருட்டுப் போனது அவ போனு. செத்துப் போனது என் போனு. இது எப்படிண்ணே?" என்று பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்.

அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "உன் போனில் *#06# அடித்துப் பார். வருகிற எண்ணை இரண்டு பெட்டியோடும் வைத்துப் பார்." பார்த்தான். அவன் போனில் வந்த எண் அவன் மனைவியின் பெட்டி மேல் இருந்தது. கட்டிலில் வைத்துப் பிரித்த அன்றே பெட்டிகள் இடம் மாறியிருக்கின்றன. எட்டு மாதமாக யாருக்கும் அது தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

பழைய போன்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்கள் அனுப்பும் படங்களைச் சரிபார்க்கும் மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். பெட்டி லேபிள் ஒரு படம், போன் திரை ஒரு படம், பில் ஒரு படம் என்று மூன்று படங்கள் வரும். மூன்றிலும் ஒரே எண் இருந்தால் 'பொருந்துகிறது' என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் 'பொருந்தவில்லை' என்று எழுத வேண்டும். முதல் மாதம் அது எழுத்துக் கூட்டிப் படிக்கும் வேலை போலத்தான் தெரிந்தது. மூன்று இடத்தில் ஒரே எண் இருப்பது என்ன உறுதியைத் தருகிறது, இல்லாமல் போவது எதைக் காட்டுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பலரும் நினைக்கும் பதில் தவறு என்பது பிறகுதான் புரிந்தது.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். ஐஎம்இஐ எண்ணில் 15 இலக்கங்கள் உண்டு. முதல் 8 இலக்கங்கள் போனின் மாடலுக்கு உரியவை. உலக மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏயின் ஏற்பாட்டில் இவை ஒதுக்கப்படுகின்றன. அடுத்த 6 இலக்கங்கள் அந்த மாடலுக்குள் அந்த ஒரு போனுக்கு உரிய வரிசை எண். கடைசி இலக்கம் முந்தைய 14 இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வருவிக்கும் சோதனை இலக்கம். விளக்கத்துக்குத் தொழில்நுட்ப நூல்களில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு மாதிரி எண்ணையே எடுத்துக்கொள்கிறேன்: 490154203237518. இதில் 49015420 மாடல், 323751 வரிசை எண், 8 சோதனை இலக்கம்.

இந்தப் பிரிவு தெரியாததால் நடக்கும் பிழை ஒன்று உண்டு. அவசரத்தில் எண்களை ஒப்பிடுகிறவர்கள் முதல் ஐந்தாறு இலக்கங்களைப் பார்த்து 'சரி' என்று விடுவார்கள். ஒரே மாடலில் இரண்டு போன்கள் இருந்தால் முதல் எட்டும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். மதுரைத் தம்பதியின் இரண்டு பெட்டிகளிலும் அப்படித்தான் இருந்தது. ஒரே கடைக்கு ஒரே சமயம் வந்த சரக்கு என்பதால் வரிசை எண்ணின் முன்பாதிகூட ஒத்துப்போகலாம். மாதிரி எண்ணை வைத்துச் சொன்னால், ஒரு பெட்டியில் 490154203237518, இன்னொன்றில் 490154203239159. முதல் 11 இலக்கங்கள் அச்சாக ஒன்று, வித்தியாசம் முழுவதும் கடைசி நான்கில் இருக்கிறது. ஆகவே ஒப்பிடுகிறவர் கடைசி ஏழு இலக்கங்களிலிருந்து தொடங்க வேண்டும். முதல் எட்டு 'இது இந்த மாடல்தான்' என்று மட்டும் சொல்லும், 'இந்தப் போன்தான்' என்று சொல்லாது.

இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ எண்கள் இருக்கும். சில மாடல்களில் இரண்டாவது எண்ணின் வரிசை முதல் எண்ணுக்கு அடுத்ததாக இருக்கும். அப்போது சோதனை இலக்கமும் மாறிவிடுவதால் எண் வேறுமாதிரி தெரியும். 490154203237518 என்பதற்கு அடுத்த வரிசை எண் கொண்டது 490154203237526. முடிவில் 18 இருந்த இடத்தில் 26 வந்துவிட்டது. பெட்டியின் முதல் எண்ணையும் திரையின் இரண்டாம் எண்ணையும் பக்கத்தில் வைத்துவிட்டு 'பொருந்தவில்லை' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

எண்ணின் நீளத்திலும் குழப்பம் வரும். சில போன்களில் *#06# அடித்தால் எண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடும் இரண்டு இலக்கமும் காட்டும். அந்த இரண்டு இலக்கமும் மென்பொருள் பதிப்பைக் குறிப்பவை, பெட்டியில் இருக்காது. ஐபோன் போன்ற சிலவற்றில் எம்இஐடி என்ற பெயரில் 14 இலக்க எண் ஒன்றும் இருக்கும். அது ஐஎம்இஐயின் முதல் 14 இலக்கங்கள்தான், சோதனை இலக்கம் மட்டும் இல்லை. 14, 15, 17 என்று மூன்று நீளத்தில் வந்தாலும் முதல் பதினான்கும் ஒன்றென்றால் அவை ஒரே அடையாளத்தின் மூன்று எழுத்துமுறைகள்.

சோதனை இலக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். படத்திலிருந்து எண்ணைப் படிப்பவருக்குக் கிடைக்கும் பெரிய உதவி அதுதான். அதன் மேல் வைக்கும் அதிக நம்பிக்கைதான் பெரிய ஏமாற்றமும். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு இது. வங்கி அட்டை எண்களுக்கும் இதையே பயன்படுத்துகிறார்கள். இடமிருந்து இரண்டாவது, நான்காவது என்று இரட்டைப்படை இடத்து இலக்கங்களை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்ததில் இரண்டு இலக்கம் வந்தால் அவற்றையும் கூட்டி ஒன்றாக்க வேண்டும். நம் மாதிரி எண்ணில் அந்த இடங்களில் 9, 1, 4, 0, 2, 7, 1 இருக்கின்றன. இரட்டித்துச் சுருக்கினால் 9, 2, 8, 0, 4, 5, 2 ஆகி, கூட்டுத்தொகை 30 வரும். மற்ற ஏழு இடங்களில் உள்ள 4, 0, 5, 2, 3, 3, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 22. மொத்தம் 52. அடுத்த பத்தின் மடங்கான 60-ஐத் தொட 8 வேண்டும். அந்த 8 தான் கடைசி இலக்கம்.

ஒரே ஒரு இலக்கத்தைத் தவறாகப் படித்திருந்தால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுத்துவிடும். மங்கலான படத்தில் பதினொன்றாம் இடத்து 3-ஐ 8 என்று படித்தால் கூட்டுத்தொகை 57 ஆகிவிடும், கடைசியில் 3 வந்திருக்க வேண்டும், ஆனால் 8 இருக்கிறது. உடனே 'மறுபடி படி' என்று தெரிந்துவிடும். இதுவரை நல்லது. ஆனால் மங்கலான படம் ஒரு தவறோடு நிற்காது. ஒரு 3 எதனால் 8 போலத் தெரிந்ததோ, அதே காரணத்தால் பக்கத்து 3-ம் 8 போலத்தான் தெரியும். மாதிரி எண்ணில் ஒன்பதாம் இடத்திலும் ஒரு 3 இருக்கிறது. இரண்டையும் 8 என்று படித்தால் எண் 490154208287518 ஆகும். கூட்டிப் பாருங்கள்: முன்பு 22 வந்த இடத்தில் 32, மொத்தம் 62, பத்தின் அடுத்த மடங்குக்கு வேண்டியது மறுபடியும் 8. இரண்டு இலக்கம் தவறு, கணக்கு சரி! கையால் எழுதும்போது முதல் மூன்று இலக்கங்களை 490 என்பதற்குப் பதில் 409 என்று மாற்றி எழுதினாலும் கணக்கு கண்டுகொள்ளாது. 0, 9 இரண்டும் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பது லூன் முறையின் தெரிந்த ஓட்டை. கணக்கு தப்பினால் படித்தது நிச்சயம் தவறு. கணக்கு ஒத்துவந்தாலோ, படித்தது அனேகமாகச் சரி என்றுதான் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது.

சீரியல் நம்பருக்கு இந்த உதவியும் கிடையாது. அதில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும், எந்த நிறுவனம் எப்படி அமைக்கிறது என்பது அவரவர் விருப்பம். B-யும் 8-ம், S-ம் 5-ம், Z-ம் 2-ம், G-யும் 6-ம் படத்தில் ஒன்றுபோல் ஒன்று வேடம் போடும். ஆப்பிள் நிறுவனம் தன் சீரியல் எண்களில் O எழுத்து வராது, பூஜ்யம்தான் வரும் என்று சொல்லியிருப்பதால் அங்கே ஒரு குழப்பமாவது குறைவு. அந்த நிறுவனத்தின் பழைய 12 எழுத்துச் சீரியலிலிருந்து தொழிற்சாலையையும் தயாரித்த வாரத்தையும் படித்துவிட முடியும். 2021 முதல் வந்த புதிய வகையில் எழுத்துகள் பொருளற்ற கலவை. பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு புதிய போனின் வயதைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

எண்ணை நாம் தவறாகப் படிப்பது ஒரு வகை. படமே தவறாகக் காட்டுவது இன்னொரு வகை. 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் ஒரு கட்டட வரைபடத்தில் இருந்த அளவு எண்களை மாற்றிவிட்டதைக் கண்டுபிடித்தார். கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக அந்த இயந்திரம் ஒன்றுபோலத் தெரியும் எழுத்து வடிவங்களை ஒரே வடிவமாகச் சேமித்தது. சிறிய எழுத்தில் 6-ம் 8-ம் அதற்கு ஒன்றாகிவிட்டன. மங்கலாக இருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். தெளிவான, கூர்மையான, தவறான எண் அது. நிறுவனம் பின்னர் அதைத் திருத்தும் மென்பொருளை வெளியிட்டது. பில்லைப் படமாக எடுப்பதை விட ஸ்கேன் செய்து அனுப்புவது மேல் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்வது வழக்கம். சுருக்காத நேரடிப் படமே நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காமல் போய்ச் சேரும்.

லேபிளில் எண்ணுக்கு மேலோ கீழோ இருக்கும் பார்கோடு நமக்கு இரண்டாவது கண். அந்தக் கோடுகளுக்குள் அதே எண் தனியாக எழுதப்பட்டிருக்கிறது, அதற்குத் தனிச் சோதனைக் குறியும் உண்டு. பார்கோடு படிக்கும் செயலியில் அந்தப் படத்தைக் காட்டி, வரும் எண்ணை லேபிளில் அச்சான எண்ணோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இலக்கத்தைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் கோடுகளைத் தொடுவதில்லை, தொடவும் தெரியாது. இலக்கம் ஒன்று, கோடு ஒன்று என்று வந்தால் அந்த லேபிளிலோ படத்திலோ யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: லேபிளில் மூன்று நான்கு பார்கோடுகள் இருக்கும். அவற்றில் 13 இலக்கம் வரும் கோடு கடையில் விலை போடுவதற்கானது, அந்த மாடலின் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றேதான். அதை ஸ்கேன் செய்துவிட்டு 'எண் பொருந்தவில்லை' என்று அலறக் கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி, பில், போன் என்று மூன்று இடத்தில் எண் ஒன்றாக இருந்தால் மூன்று சாட்சி கிடைத்துவிட்டதாக எல்லோரும் எண்ணுகிறார்கள். கடையில் பில் போடுவதைக் கவனித்துப் பாருங்கள். கடைப் பையன் போனைத் திறந்து *#06# அடித்து எண்ணை எடுப்பதில்லை. சீல் உடைக்காத பெட்டியின் லேபிளை ஸ்கேன் செய்கிறான், அந்த எண் பில்லில் அச்சாகிறது. பில்லில் இருக்கும் எண் பெட்டி சொன்ன எண். பெட்டி பேசியதையே பில் திருப்பிச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு சாட்சிதான். மதுரையில் நடந்ததும் அதுவே. பில்லும் பெட்டியும் அழகாகப் பொருந்தின. இரண்டு போன்களும் ஒரே பில்லில் இருந்ததால் எது யாருடையது என்று அந்தக் காகிதமும் சொல்லவில்லை. போன் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவே இல்லை, கேட்கலாம் என்றால் அது திருடன் கையில்.

போனின் உடம்பில் இருக்கும் எழுத்துகளையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். பின்புற ஒட்டு, பின்மூடியில் பொறித்த எண், சில மாடல்களில் சிம் ட்ரேயில் பொறித்த எண் எல்லாமே கழற்றி மாற்றக்கூடிய பாகங்களின் மேல் இருப்பவை. கண்ணாடி உடைந்து பின்மூடி மாற்றினால் வேறொரு போனின் எண் வந்து உட்காரும். சர்வீஸ் மேசையில் நான்கு போன்களின் சிம் ட்ரேக்கள் ஒரே கிண்ணத்தில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். போனுக்குள், அதன் போர்டில் பதிந்து, நெட்வொர்க்குக்குப் போய்ச் சொல்லும் எண்தான் போனின் சொந்தக் குரல். *#06# காட்டுவது அதைத்தான். மற்றவையெல்லாம் போனைப் பற்றி வேறு பொருள்கள் சொல்லும் செய்தி.

இதிலிருந்து இன்னொன்று தெளிவாகும். பொருந்தாமை என்றால் திருட்டு என்று முடிவு கட்டக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றினால் போனுக்குப் புது எண் வந்துவிடும், பெட்டியில் பழைய எண்ணே இருக்கும். அப்படிப்பட்டவரிடம் அந்த வேலைக்கான ஜாப் ஷீட் இருக்க வேண்டும், அதில் பழைய எண்ணும் புது எண்ணும் இருக்க வேண்டும். வாரண்டியில் போனையே மாற்றிக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். என் மேசைக்கு வந்த பொருந்தாத படங்களில், அண்ணன் தம்பி, கணவன் மனைவி வீட்டில் பெட்டி மாறிய கதைகளும் மூடி மாற்றிய கதைகளும்தான் திரும்பத் திரும்ப வந்தன. 'பொருந்தவில்லை' என்று எழுதும் முன் 'வீட்டில் இதே மாடலில் இன்னொரு போன் இருக்கிறதா? எப்போதாவது போர்டு மாற்றினீர்களா?' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் ஒருவரைத் திருடனாகப் பார்ப்பது பெரிய அநியாயம். அந்த அநியாயத்தைச் செய்யும் அவசரம் இந்தத் தொழிலில் நிறைய இருக்கிறது.

பொருத்தமும் நேர்மைக்கு முத்திரை ஆகாது. காலிப் பெட்டி விற்பனைக்குக் கிடைக்கிறது. லேபிள் அச்சடிப்பது பெரிய வித்தை இல்லை. போனின் திரையில் வரும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் லேபிள் அடித்து ஒட்டிவிட்டால் பெட்டியும் போனும் பொருந்திவிடும். லேபிளில் எழுதியிருக்கும் மாடல், நிறம், ரேம் அளவு ஆகியவை கையில் இருக்கும் போனோடு ஒத்துவருகிறதா, பெட்டியின் மாதமும் பில்லின் தேதியும் ஒழுங்காக முன்பின் வருகிறதா என்று பார்க்க வேண்டும். போலி லேபிள் அடிக்கிறவர் எண்ணில் காட்டும் கவனத்தை இவற்றில் காட்டுவது குறைவு.

ஸ்கிரீன்ஷாட்டை நான் சாட்சியாக ஏற்பதே இல்லை. அது எந்தப் போனில் எடுத்தது என்று அதற்கே தெரியாது. நல்ல போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை உடைந்த போனின் படத்தோடு சேர்த்து அனுப்பிவிடலாம். இன்னொரு போனை வைத்து எடுத்த படம்தான் வேண்டும். *#06# திறந்த திரையும் பெட்டியின் லேபிளும் ஒரே சட்டத்துக்குள், போனின் விளிம்பு முழுதாகத் தெரியும்படி இருக்க வேண்டும். பிறகு அதே இடத்தில் நகர்த்தாமல் லேபிளை நெருங்கி ஒன்று, திரையை நெருங்கி ஒன்று. அகலப் படம் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் இருந்ததைக் காட்டும். நெருக்கப் படம் எண்ணைப் படிக்க உதவும். ஒன்றில்லாமல் மற்றது பாதிதான். பளபளப்பான லேபிளுக்குப் பிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்து எடுத்தால் வெள்ளைத் திட்டு விழாது.

இவ்வளவு செய்தும் போனே பொய் சொன்னால்? அதுவும் நடக்கிறது. மென்பொருள் கருவிகளால் ஐஎம்இஐயை மாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020-ல் மீரட் காவல்துறை விசாரித்த ஒரு வழக்கில் ஒரே ஐஎம்இஐ எண்ணில் நாடு முழுவதும் 13,500-க்கும் மேற்பட்ட போன்கள் இயங்குவது தெரியவந்தது. ஒரு காவல்துறை அலுவலரின் போன் ரிப்பேர் ஆகி வந்த பின் பெட்டியில் இருந்த எண்ணும் போனில் இருந்த எண்ணும் வேறாக இருந்ததுதான் அந்த விசாரணைக்குத் தொடக்கம். பெட்டியோடு ஒப்பிட்ட ஒரு பார்வை அவ்வளவு பெரிய கேட்டை வெளியே இழுத்தது. எண்ணை மாற்றுவது இப்போது 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறக்கூடிய குற்றம்.

ஆனால் எண்ணை மாற்றியவரைப் பெட்டியும் திரையும் எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை, அப்போது வெளியே இருக்கும் பதிவேடுதான் காட்டும். KYM என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு உரியது என்று பதில் வரும். சஞ்சார் சாத்தி தளத்திலும் செயலியிலும் இதே வசதி உண்டு. முடக்கப்பட்டது, ஒன்றுக்கு மேற்பட்ட போன்களில் இருப்பது, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் அந்தப் போனை வாங்கக் கூடாது. எண் சரி, ஆனால் வேறொரு மாடலின் பெயர் வருகிறது என்றாலும் வாங்கக் கூடாது. ஒரு மாடலின் எட்டு இலக்கம் வேறொரு மாடலின் உடம்பில் இருக்க நேர்மையான வழி இல்லை.

இதற்கும் எல்லை இருக்கிறது. நேற்று மாலை களவு போய், இன்று காலை விற்பனைக்கு வந்து, இன்னும் யாரும் முடக்காத போனுக்குப் பதிவேடு 'சரி' என்றுதான் பதில் சொல்லும். ஆகவே என் வரிசை இப்படி: முதலில் போனின் குரல், பிறகு பதிவேடு, பிறகு பெட்டி, கடைசியில் பில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பில் இருக்கிறதா என்று தொடங்கி, பெட்டியோடு ஒத்துவந்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே சாட்சியை இரண்டு முறை விசாரித்துவிட்டு, வழக்கின் நடுவில் நிற்கும் போனைக் கேட்காமலே தீர்ப்பு எழுதுவது அது.

மதுரைக்குத் திரும்புகிறேன். திருட்டுப் போன போனைக் கையில் எடுத்து *#06# அடிக்க முடியாது. ஆனால் போன் தன் எண்ணை வேறொரு இடத்திலும் சொல்லி வைத்திருந்தது. கூகுள் கணக்கில் நுழைந்து, தொலைந்த போனைத் தேடும் பக்கத்தில் அந்தப் போனைத் தேர்ந்தெடுத்தால் அதன் விவரத்தில் ஐஎம்இஐ எண் இருக்கும். ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கின் சாதனப் பட்டியலில் இருக்கும். அவன் மனைவியின் கணக்கில் நுழைந்து பார்த்தோம். அங்கே இருந்த எண், அவன் பெயரில் பரணில் இருந்த பெட்டியின் எண்ணோடு கடைசி இலக்கம் வரை ஒத்துவந்தது. கையில் இருந்த போனின் எண் அவள் பெட்டியோடும், களவு போன போனின் எண் அவன் பெட்டியோடும் என்று குறுக்காகப் பொருந்தியதால் மாறியது பெட்டிதான் என்பதில் சந்தேகமே இல்லாமல் போனது. முடக்கிய விண்ணப்ப எண்ணைக் கொடுத்து அவன் போனை விடுவிக்க விண்ணப்பித்தார்கள். காவல் நிலையத்தில் நடந்ததைச் சொல்லிப் புகாரில் எண்ணைத் திருத்தி, சரியான இரண்டு ஐஎம்இஐ எண்களையும் கொடுத்து மறுபடி முடக்கினார்கள். அவன் போனுக்குச் சில நாளில் சிக்னல் வந்தது. அந்தச் சில நாளும் திருடன் கையில் அவள் போன் தடையில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அது இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் ஒரே மாடலில் இரண்டு போன்கள் இருந்தால் இன்று மாலை பெட்டிகளைக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு போனிலும் *#06# அடித்து, கடைசி ஏழு இலக்கங்களைப் பெட்டியோடு ஒப்பிட்டு, எந்தப் பெட்டி யாருடையது என்று பேனாவால் பெயர் எழுதுங்கள். திரையும் லேபிளும் சேர்ந்து தெரியும்படி இன்னொரு போனால் ஒரு படம் எடுத்து, அதை அந்தப் போனில் வைக்காமல் வீட்டில் வேறொருவர் போனில் வைத்திருங்கள்.